ரெண்டாயிரம் திரும்பி வந்துடுச்சு, நம்பலாமா?

வேலந்தாவளம், கொப்பரை வியாபாரி: அக்கா, ஒரு டிரேடிங் ஆப்பில் 10,000 போட்டேன். பத்து நாளில் 14,000-னு காட்டுச்சு. சோதிச்சுப் பார்க்க 2,000 எடுத்தேன், அஞ்சே நிமிஷத்தில் பேங்குக்கு வந்துடுச்சு. இப்ப 3 லட்சம் போடச் சொல்றாங்க. போடலாமா?

போடாதீங்க. வந்த 2,000 உங்க காசுதான். இன்னும் உங்க 8,000 அவங்ககிட்ட இருக்கு. 14,000 முழுசையும் கொடுத்துட்டாங்கன்னே வைங்க, அவங்க கைவிட்டுப் போறது 4,000 மட்டும். அப்படிப் பத்துப் பேருக்குக் கொடுத்தா 40,000 ஆகும். அதில் ஒருத்தர் நம்பி 3 லட்சம் போட்டாலே அவங்களுக்குப் போதும். நேர்மையான தரகரும் 2,000 கொடுப்பார், ஏமாத்தறவனும் கொடுப்பான். அதை வெச்சு ஆளைப் பிரிச்சுப் பார்க்க முடியாது.

பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து, அந்த 2,000 யார் பேரில் வந்திருக்குன்னு பாருங்க.

அவரே: பார்த்தேன் அக்கா. கேள்விப்படாத ஏதோ டிரேடர்ஸ் பேர். நான் 10,000 அனுப்பினது வேற ஒரு தனி ஆள் கணக்குக்கு.

தரகு ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்தவள் சொல்றேன். வாடிக்கையாளர் பணம் தரகு நிறுவனத்தின் பேரில் இருக்கிற கணக்குக்குத்தான் போகும், அங்கிருந்துதான் திரும்பி வரும். உங்க காசு போனதும் திரும்பி வந்ததும் வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியா. அந்த 2,000 இன்னொரு ஏமாந்தவரோட காசாவும் இருக்கலாம். அவர் புகார் கொடுத்தா, காசு போன வழியைத் தேடி வந்து உங்க கணக்கையும் முடக்கி வைப்பாங்க. கேரளாவில் கடைக்காரங்க நிறையப் பேர் இப்படி மாட்டினாங்க.

கொழிஞ்சாம்பாறை, ஆசிரியர்: பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியோட பதிவு எண் ஆப்பிலேயே இருக்கு. செபி தளத்தில் தேடினேன், சரியான எண்தான். அப்புறம் என்ன சந்தேகம் மேடம்?

தேடினது நல்லது. ஆனா அந்த எண் வேற ஒரு நிஜ நிறுவனத்தோடதா இருக்கும், இவங்க எடுத்து ஒட்டியிருப்பாங்க. செபி பக்கத்தில் இருக்கிற முகவரிக்கும் தொலைபேசிக்கும் நீங்களே பேசி, இந்த ஆப் உங்களுதான்னு கேளுங்க. 2025 அக்டோபரிலிருந்து பதிவு பெற்ற தரகர்களுக்கு, @valid-னு போட்டு அதோட பேங்க் பேரும் சேர்ந்து முடியற யுபிஐ ஐடி வந்திருக்கு. பணம் கேட்கிற ஐடியையோ பேங்க் கணக்கையோ 'செபி செக்' வசதியில் போட்டும் பார்க்கலாம்.

இதுக்கும் மேல ஒரு சோதனை உண்டு. ஒரே ஒரு பங்கு, விலை குறைஞ்சதா, வாங்குங்க. வாங்கின மறு வேலை நாள் அது, பங்குகளை உங்க பேரில் வெச்சிருக்கிற டீமேட் கணக்குக்கு வந்திருக்கணும். அதைத் தரகர் ஆப்பில் பார்க்காதீங்க. டீமேட் எங்கே இருக்கோ அந்த சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் டெபாசிட்டரியோட தளத்தை நீங்களே திறந்து, உங்க பேரில் அந்தப் பங்கு நிக்குதான்னு பாருங்க. ஆப் திரையில் எந்தத் தொகையை வேணும்னாலும் எழுதிக் காட்டலாம், டெபாசிட்டரி பதிவில் அவங்க கை வைக்க முடியாது. "இது நிறுவனங்களுக்கான தனிக் கணக்கு, உங்களுக்கு டீமேட் தேவையில்லை"ன்னு சொன்னாங்கன்னா அதோட நிறுத்திடுங்க.

அன்னன்னைக்கே வாங்கி விக்கிற வியாபாரத்தை இப்படிப் பிடிக்க முடியாது, டீமேட்டில் ஒண்ணும் நிக்காது. அதனால முதல் சோதனையை எடுத்து வெச்சுக்கிற பங்கில் செய்யுங்க.

சித்தூர், ஓய்வு பெற்றவர்: என் தரகர் வித்த பணம் கொடுக்க ரெண்டு நாள் ஆக்கிட்டார். அதுவும் மோசடியா?

அது வேறங்க ஐயா. வெள்ளிக்கிழமை வித்தா திங்கட்கிழமைதான் கணக்குத் தீரும், அப்புறம்தான் உங்க பேங்குக்கு வரும். நான் பயப்படறது, "30 சதவீதம் வரி கட்டினாத்தான் எடுக்கலாம்"ங்கிற பேச்சுக்கு. லாபத்துக்கான வரியை நீங்கதான் வருமான வரித் துறைக்குக் கட்டறீங்க, தரகர் கையில் கொடுக்கிறதில்லை. தரகர் கட்டணம் இருப்பிலேயே கழிஞ்சுடும். முழுத் தொகையையும் எடுக்கக் கேட்டு, மேல பணம் கட்டச் சொன்னா அது மோசடிதான். கேட்டதும் கொடுத்துட்டாலும் நல்லவங்கன்னு முடிவு பண்ணிடாதீங்க.

கோவிந்தாபுரம், இளைஞர்: என்னுது கிரிப்டோ. டீமேட்டே கிடையாதே?

தம்பி, இதுக்கு அவ்வளவு உறுதியான சோதனை என்கிட்ட இல்லை. இருக்கிற காயின் முழுசையும் உங்க சொந்த வாலட்டுக்கு எடுத்து, பிளாக்செயினில் தேடிப் பாருங்க. கொஞ்சம் மட்டும் எடுத்துப் பார்த்தா, மேல சொன்ன 2,000 கதைதான். எஃப்ஐயு பதிவு இருக்குன்னு சொல்வாங்க. அது கறுப்புப் பணத் தடுப்புக்கான பதிவு, உங்க காசுக்கு உத்தரவாதம் இல்லை.

கொழிஞ்சாம்பாறை, இல்லத்தரசி: அக்கா, எங்க அண்ணன் நேத்து ராத்திரி இப்படி ஒரு ஆப்பில் 50,000 போட்டுட்டார். பேங்க் கணக்கு பொள்ளாச்சியில், வீடு இங்கே. எந்த ஊர் போலீஸ்கிட்ட போறது?

எந்த ஊர்னு யோசிச்சு நேரத்தைக் கடத்தாதீங்க. 1930 நாடு முழுக்க ஒரே எண், இப்பவே கூப்பிடச் சொல்லுங்க. cybercrime.gov.in-இலும் புகார் பதியணும். பணம் அனுப்பின யுடிஆர் எண்ணும் போன கணக்கு எண்ணும் கையில் இருக்கட்டும். அவர் பேங்குக்கும் உடனே சொல்லணும். காசு அடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள புகார் போனா நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் அந்த ஆப்காரங்க "இன்னும் 15,000 கட்டினா எல்லாத்தையும் எடுத்துக்கலாம்"னு சொல்வாங்க, அதை மட்டும் கட்டாம பார்த்துக்கங்க.