பேஸ்புக் 600 என்கிறது, கூகுள் 500 என்கிறது, கொப்பி 1,100 என்கிறது

கேள்வி: கைத்தறிச் சாறியும் சாரமும் இணையத்தில் நாடெங்கும் விற்கிறோம். சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளருக்கு 600 ரூபாய் செலவானதாக பேஸ்புக் காட்டுகிறது. கூகுள் 500 என்கிறது. நானே கொப்பியில் மொத்தச் செலவைப் புதிய ஆட்களால் வகுத்தால் 1,100 வருகிறது. எதை நம்புவது? பேஸ்புக்கைக் குறைத்து அந்தப் பணத்தைக் கூகுளில் போடலாமா?
– வாசகி, கல்முனை

பதில்: இப்போதைக்குப் பணத்தை மாற்ற வேண்டாம். விளம்பரத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு உங்கள் கொப்பிதான் வழிகாட்டி. ஒரே தளத்துக்குள் எந்த விளம்பரத்தை வைப்பது, எதை நிறுத்துவது என்பதற்கு அந்தத் தளம் காட்டும் கணக்கு போதும். ஆனால் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் பணத்தை மாற்றுவதை இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்மானிக்க முடியாது. நீங்கள் அனுப்பிய இரண்டு மாதக் கணக்கிலேயே அதற்கான விடை ஒளிந்திருக்கிறது. அதைத்தான் கீழே பிரித்துக் காட்டுகிறேன்.

சென்ற மாதம் பேஸ்புக்குக்கு 72,000 ரூபாய் கொடுத்தீர்கள். அது 120 விற்பனை தன்னால் வந்ததாகச் சொல்கிறது. கூகுளுக்கு 40,000 கொடுத்தீர்கள். அது 80 என்கிறது. கூட்டினால் 200. ஆனால் உங்கள் இணையக் கடையில் பதிவான ஓடர்கள் 150 மட்டுமே. மொத்தம் வந்த 190 ஓடர்களில் மீதி 40 வாட்ஸ்அப்பிலும் தொலைபேசியிலும் வந்தவை. அவை இந்த இரண்டு தளங்களின் கண்ணிலும் படவே இல்லை. ஆகவே ஐம்பது ஓடர்களுக்காவது இரண்டு தளங்களும் சேர்ந்து உரிமை கொண்டாடியிருக்கின்றன.

இதில் பொய் எதுவும் இல்லை. ஒவ்வொரு தளமும் தன் விதிப்படி எண்ணுகிறது. நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால், விளம்பரத்தைத் தொட்டவர் ஏழு நாளுக்குள் வாங்கினாலும், தொடாமல் வெறுமனே பார்த்தவர் ஒரு நாளுக்குள் வாங்கினாலும் பேஸ்புக் அதைத் தன் கணக்கில் சேர்க்கும். கூகுள் தேடல் விளம்பரத்தைத் தொட்டவர் 30 நாளுக்குள் வாங்கினால் அதைத் தன் கணக்கில் வைக்கும். கொழும்பில் இருக்கும் ஒருவர் திங்கட்கிழமை பேஸ்புக்கில் உங்கள் சாறியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை கூகுளில் உங்கள் கடைப் பெயரைத் தேடி, மேலே நின்ற உங்கள் விளம்பரம் வழியாக உள்ளே வந்து வாங்கினால், ஒரே சாறி இரண்டு இடத்திலும் விற்றதாகப் பதிவாகிவிடும். மற்றத் தளத்தில் என்ன நடந்தது என்று எந்தத் தளத்துக்கும் தெரியாது.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்களில், பேஸ்புக்கின் "Compare attribution settings" என்ற தெரிவைத் திறந்து எடுத்த ஒன்றும் இருந்தது. அதன்படி அந்த 120 பேரில் தொட்டு வந்தவர்கள் 78 பேர், வெறுமனே பார்த்தவர்கள் 42 பேர். தொட்டவர்களை மட்டும் எண்ணினால் 600 ரூபாய் 923 ஆகிவிடுகிறது. செலவிலோ விற்பனையிலோ ஒரு சதம்கூட மாறவில்லை, எண்ணும் விதி மட்டும்தான் மாறியது.

இனி கொப்பி. இரண்டு தளங்களுக்கும் கொடுத்த 1,12,000 ரூபாயோடு, வீடியோ எடுத்துக் கொடுத்தவருக்குக் கொடுத்த 20,000 ரூபாயையும் சேர்த்து 1,32,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அது மிகச் சரி. அதைச் சேர்க்காமல் விடுவதுதான் பலரும் விடும் பிழை. மொத்தம் வந்த 190 ஓடர்களில், பொதி போய்ச் சேர்ந்தபோது காசு கொடுத்து எடுக்காமல் திருப்பி அனுப்பப்பட்டவை 14. மீதி 176 பேரில் 56 பேர் ஏற்கெனவே வாங்கியவர்கள். புதியவர்கள் 120 பேர். 1,32,000 ரூபாயை 120 ஆல் வகுத்தால் 1,100. தொழிலில் இதைத்தான் பிளெண்டட் செலவு என்பார்கள். எல்லா வழியும் கலந்த சராசரி. திரும்பி வந்த பொதிகளையும் பழைய வாடிக்கையாளர்களையும் தளங்கள் இப்படிக் கழிப்பதில்லை. கூரியர் திருப்பிக் கொண்டுவந்த சாறியும் அங்கே விற்பனைதான்.

நூல், நெசவுக் கூலி, பொதி, கூரியர் எல்லாம் போக ஒரு சாறியில் 1,500 ரூபாய் மிஞ்சுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தளங்களின் எண்ணை வைத்தால் ஒரு புதிய வாடிக்கையாளரில் 900 அல்லது 1,000 ரூபாய் கையில் நிற்பதாகத் தோன்றும். உண்மையில் நிற்பது 400. தறிக்காரருக்கு முன்பணம் கொடுக்கலாமா, பொதி கட்ட இன்னொரு பிள்ளையை வைக்கலாமா என்ற கேள்விகளுக்கு அந்த 400 ரூபாயை மட்டும் பாருங்கள்.

இத்தோடு நின்றால் "கொப்பியை நம்புங்கள்" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கொப்பியின் சராசரியும் ஒன்றை மறைக்கிறது, உங்கள் கடையில் அது பெரிய விஷயம்.

முந்திய மாதத்தில் நீங்கள் கூகுள் விளம்பரமே போடவில்லை. பேஸ்புக்குக்கு அதே 72,000, வீடியோவுக்கு அதே 20,000, மொத்தம் 92,000. புதிய வாடிக்கையாளர்கள் 100 பேர். சராசரி 920. சென்ற மாதம் கூகுளுக்கு 40,000 கூட்டினீர்கள், புதியவர்கள் 120 பேர் ஆனார்கள். 920 ரூபாய் 1,100 ஆனது கொஞ்சம் ஏறியது போலத்தான் தெரியும். ஆனால் கூடுதலாகப் போட்ட 40,000 ரூபாய் கூடுதலாகக் கொண்டுவந்தது 20 பேரை. ஆளுக்கு 2,000 ரூபாய். ஒரு சாறியில் மிஞ்சும் 1,500 ரூபாயைவிட அதிகம். பழைய 100 பேரின் மலிவான செலவு இந்த 20 பேரின் நட்டத்தை மூடிவிட்டது. இரண்டு மாதத்திலும் பெருநாளோ கல்யாணக் காலமோ வரவில்லை, விலையும் மாறவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் இந்த ஒப்பீட்டைத் துணிந்து செய்கிறேன். அப்படியிருந்தும் இரண்டே மாதம் என்பதால் இதைத் தீர்ப்பாக எடுக்காமல் வலுவான சந்தேகமாக எடுங்கள்.

கூகுள் 80 பேர் என்றது, கொப்பி 20 பேர்தான் கூடினார்கள் என்கிறது. நடுவில் 60 பேர் எங்கே போனார்கள்? கூகுளில் "Search terms" என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் படத்தில் அது தெளிவாக இருக்கிறது. அந்த 80 விற்பனையில் 58 பேர் தேடியது உங்கள் கடையின் பெயரை. அந்தப் பெயருக்கான விளம்பரத்துக்கு 10,000 ரூபாய் போனது, ஆளுக்கு 172. மீதி 22 பேர் கைத்தறிச் சாறி, பருத்திச் சாரம் என்று பொதுவாகத் தேடியவர்கள். அவர்களுக்கு 30,000 போனது, ஆளுக்கு 1,364. கூகுள் காட்டிய 500 ரூபாய் இந்த இரண்டும் கலந்து வந்த எண்.

கடைப் பெயரைத் தட்டித் தேடுகிறவர் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர். பேஸ்புக்கில் பார்த்திருப்பார், அல்லது அக்காவின் கல்யாணத்தில் யாரோ கட்டியிருந்த சாறியை விசாரித்திருப்பார். விளம்பரம் இல்லாவிட்டாலும் அடுத்த வரியில் உங்கள் இணையக் கடை நின்றிருக்கும், அதைத் தொட்டு வந்திருப்பார். பொதுவாகத் தேடி வந்த 22 பேரும் உங்கள் கொப்பியில் கூடிய 20 பேரும் எவ்வளவு கிட்ட வருகின்றன என்று பாருங்கள். முன்பின் தெரியாதவர் தேடி வரும் விளம்பரத்தில் தளத்தின் எண் கிட்டத்தட்ட நேர்மையாகவே இருக்கிறது. பெயர்த் தேடலிலும், ஏற்கெனவே உங்கள் பக்கத்துக்கு வந்து போனவரைத் துரத்திக் காட்டும் விளம்பரத்திலும்தான் அது நம்ப முடியாத அளவுக்கு மலிவாகத் தெரியும்.

பேஸ்புக்கிலிருந்து எடுத்துக் கூகுளில் கூடுதலாகப் போடும் பணம் எங்கே போகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். உங்கள் பெயரைத் தேடுகிறவர்கள் பணம் போட்டதும் பெருகமாட்டார்கள். புதுப் பணம் பொதுத் தேடலுக்குத்தான் போகும், அங்கே ஆள் ஒருவர் 1,364 ரூபாய்க்குக் குறைய மாட்டார்.

பேஸ்புக்கைக் குறைத்தால் நடப்பதையும் சொல்ல வேண்டும். கல்லடியில் கஜு விற்கும் ஒருவருக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். அவரும் கூகுள் மலிவு என்று பேஸ்புக்கை ஒரேயடியாக நிறுத்தினார். முதல் வாரம் எதுவும் குறையவில்லை. நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்னது பிழை என்றே நினைத்தார். இரண்டாம் வாரம் கூகுளில் அவர் கடைப் பெயரைத் தேடுகிறவர்கள் குறையத் தொடங்கினார்கள். மூன்றாம் வாரம் வாட்ஸ்அப் ஓடர்கள் பாதியாகின. பேஸ்புக்கின் கணக்கில் ஒருநாளும் சேராத ஓடர்கள் அவை. இந்த வகையில் தளத்தின் எண் உள்ளதைவிட ஏழையாகவும் காட்டும்.

ஆகவே முதலில் பெயர்த் தேடல் விளம்பரத்தை மட்டும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள். நிறுத்துமுன் வேறொருவரின் தொலைபேசியில் உங்கள் கடைப் பெயரைத் தேடிப் பாருங்கள். இன்னொரு கடையின் விளம்பரம் உங்களுக்கு மேலே நின்றால் நிறுத்த வேண்டாம், அந்த 10,000 ரூபாய் காவலுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், இரண்டு வாரத்துக்குச் சுமார் 60 புதியவர்கள் என்ற உங்கள் வழக்கமான அளவு கொப்பியில் நிற்கிறதா என்று பாருங்கள். ஐந்தாறு பேர் கூடுவதும் குறைவதும் எப்போதும் நடக்கும். 50 பேருக்குக் கீழே போனால் திரும்பப் போடுங்கள்.

பொதுத் தேடலில், அதே "Search terms" பக்கத்தை வாரம் ஒருமுறை படித்து, நெசவுப் பயிற்சி, தறி விலை என்று தேடி வருகிறவர்களை விலக்குங்கள். அவர்கள் சாறி வாங்க வந்தவர்கள் அல்லர். இந்த வேலைக்குத் தளத்தின் எண்ணைவிட நல்ல வழிகாட்டி இல்லை. கொப்பியால் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவே முடியாது. ஒன்று கவனியுங்கள்: கூகுள் விற்பனையை, அது நடந்த நாளில் அல்லாமல் விளம்பரத்தைத் தொட்ட நாளில் எழுதும். அதனால் கடைசி ஒரு வாரம் எப்போதும் மோசமாகத் தெரியும். "Conversions (by conv. time)" என்ற நிரலைச் சேர்த்துக்கொண்டால் அந்தக் குழப்பம் இராது.

பேஸ்புக்கிலும் அப்படித்தான். தறியில் சாறி இறங்கும் வீடியோ நன்றாக ஓடுகிறதா, விலை போட்ட படம் நன்றாக ஓடுகிறதா என்று அதன் எண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணும் விதி இருந்தால் ஒப்பீடு சரியாகவே இருக்கும்.

வாட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கும்போது "எங்களை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டு, பதிலைச் சீ.ஆர். கொப்பியில் ஓடருக்கு எதிரே எழுதச் சொல்லுங்கள். மாதம் 40 பேர் என்றால் ஒரு பக்கம்கூட நிரம்பாது.

இந்தச் சோதனை எதையும் நோன்புப் பெருநாளுக்கோ சித்திரைப் புத்தாண்டுக்கோ முந்திய வாரங்களில் செய்யாதீர்கள். அந்த நாட்களில் விளம்பரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாறி போகும், கொப்பியின் சராசரி 700க்கும் இறங்கும், எதை நிறுத்தினாலும் எதுவும் குறையாதது போலவே தெரியும்.