பாதியில் கைமாறும் வகுப்பு: அடுத்து வரும் டீச்சருக்கு என்ன எழுதி வைப்பது?

நான் கணக்கு டீச்சர். ஆண்டின் நடுவில் மூன்று முறை வகுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்திருக்கிறேன், இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் பின்னங்கள் பாடம் பாதியில் நிற்கும்போது கைமாறுவது பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதையே வைத்துப் பேசுகிறேன்.

கேள்வி: அடுத்த மாதம் பள்ளியை விட்டுப் போகிறேன் டீச்சர். "பின்னங்கள் – கூட்டல் வரை முடிந்தது" என்று எழுதினால் போதாதா?

அதே வரியோடு எனக்கு ஒரு வகுப்பு வந்தது. கூட்டல் முடிந்துவிட்டதே என்று முதல் நாளே கலப்பு பின்னக் கழித்தலை எடுத்தேன். 3¼ − 1¾ என்று பலகையில் எழுதினால் பாதி வகுப்பு 2 2/4 என்று போட்டது. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிற பழைய பழக்கம். அதைச் சரிசெய்யவே நான்கு பீரியட் போனது. ஐந்தாவது நாள்தான் சும்மா 1/3 + 1/4 போடச் சொல்லிப் பார்த்தேன். பலர் 2/7 என்று எழுதினார்கள். பழுது அங்கே இருக்க, நான் நான்கு நாள் வேறு இடத்தில் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து நான் கிளம்பும்போதெல்லாம் கடைசி வாரத்தில் அரைத் தாளில் மூன்று கணக்கு கொடுப்பேன். பத்து நிமிடம், மதிப்பெண் கிடையாது. 2/3, 3/5 இரண்டில் எது பெரியது? 1/3 + 1/4 எவ்வளவு? 0 முதல் 2 வரை உள்ள எண் கோட்டில் 5/4 எங்கே? போன முறை 36 பேரில் கூட்டலைச் சரியாகப் போட்டவர்கள் 19 பேர், 2/7 என்று எழுதியவர்கள் 12 பேர், மீதி 5 பேர் ஒன்றும் எழுதவில்லை அல்லது வேறு ஏதோ எழுதியிருந்தார்கள். அந்த மூன்று எண்களை அப்படியே குறிப்பில் எழுதினேன், 12 பேரின் தாள்களையும் கூடவே பின் குத்தி வைத்தேன். "முடிந்தது" என்ற சொல்லை அந்தக் குறிப்பில் எங்கேயும் எழுதவில்லை.

கேள்வி: அப்போ அந்த 12 பேருக்கும் நான் போவதற்குள் திரும்ப நடத்தி முடித்துவிட வேண்டுமா?

ஒரு வாரத்தில் முடியாது. அவசரமாக நடத்தினால் அவர்கள் விதியை மனப்பாடம் செய்துகொள்வார்கள். வருகிறவர் பார்க்கும்போது விடை சரியாக இருக்கும், கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடும். எதைச் செய்தபோது யாருக்குப் பிடிபட்டது என்பதை எழுதி வைத்தால் போதும்.

என் வகுப்பில் ஒரு பெண் 2/7 என்று எழுதிவிட்டு, சரிதான் என்று உறுதியாக இருந்தாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே மூன்றும் நான்கும் ஏழு. நான் தப்பு என்று சொல்லவில்லை. 12 கட்டம் போட்ட காகிதத் துண்டு ஒன்றைக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்கை வண்ணமடிக்கச் சொன்னேன், 4 கட்டம் அடித்தாள். "இது 2/7-ஐ விடப் பெரியதா, சின்னதா?" என்று கேட்டேன். அவளுக்கு ஒப்பிடத் தெரியும், அது முன்பே நடத்தியிருந்தேன். 1/3 என்பது 7/21, 2/7 என்பது 6/21 என்று நோட்டின் ஓரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "கூட்டினதுக்கு அப்புறம் குறைஞ்சிருக்கே டீச்சர்?" அதற்குப் பிறகு அவளாகவே இன்னொரு 3 கட்டம் அடித்து 7/12 என்றாள்.

குறிப்பில் நான் எழுதியது இரண்டே வரி. "2/7 எழுதுபவர்களிடம் விடையை 1/3-உடன் ஒப்பிடச் சொல்லுங்கள். 12 கட்டத் துண்டு கையில் இருந்தால் எட்டுப் பேர் தாங்களே திருத்திக்கொள்கிறார்கள், துண்டு இல்லாமல் மூன்று பேர்தான்." வருகிறவருக்கு எங்கே தொடங்குவது என்று இதிலிருந்தே தெரிந்துவிடும்.

கேள்வி: ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு முறை இருக்கும். என் முறையை எழுதி அவர் மேல் திணிப்பது சரியில்லை என்று நினைக்கிறேன்.

திணிக்கக் கூடாது என்பது சரி. ஆனால் எழுதாமல் விட்டால் குழம்புவது பிள்ளைகள். நீங்கள் மீச்சிறு பொது மடங்கு எடுத்து வேற்றினப் பின்னங்களைக் கூட்டப் பழக்கியிருப்பீர்கள். வருகிறவர் குறுக்குப் பெருக்கலில் போடுவார். 1/6 + 1/4-க்கு உங்கள் வழியில் நேரே 5/12 வரும், அவர் வழியில் 10/24 வரும். இரண்டும் ஒன்றுதான், ஆனால் சமான பின்னம் இன்னும் உறைக்காத பிள்ளை நேற்று வந்த விடை இன்று மாறிவிட்டது என்றுதான் பார்க்கும். "மீ.சி.ம. வழியில் போட்டிருக்கிறோம், குறுக்குப் பெருக்கல் இன்னும் காட்டவில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

நீங்கள் பழக்கிய சொற்களையும் சேர்த்து எழுதுங்கள். என் வகுப்பில் பகுதியை "எத்தனையாகப் பிரித்தோம்" என்றும் தொகுதியை "எத்தனை எடுத்தோம்" என்றும் சொல்லியே வளர்த்திருந்தேன். அடுத்து வந்தவர் முதல் நாள் "பகுதியைச் சமப்படுத்து" என்றதும் பலர் விழித்ததாகச் சொன்னார். அதை எழுதாமல் விட்டது என் தவறு.

கேள்வி: மேடம், வருகைப் பதிவேடு, அலமாரிச் சாவி, நூலகப் புத்தகம் எல்லாம் இந்தக் குறிப்பில்தானே வரும்? யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்?

அது தனிப் பட்டியல், அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாடக் குறிப்பில் வர வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று, திருத்தாமல் விட்ட நோட்டுகளும் தேர்வுத் தாள்களும். எந்தத் தேதி வரை திருத்தியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

கேள்வி: பிள்ளைகளைப் பற்றி எதுவுமே எழுதக் கூடாது, புதியவர் முன்முடிவு இல்லாமல் வர வேண்டும் என்று எங்கள் பயிற்சியில் சொன்னார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அந்த அறிவுரையில் பாதியை ஏற்கிறேன். "சோம்பேறி", "மெதுவாகப் படிப்பவன்", "வாயாடி" மாதிரியான சொற்களை எழுதவே கூடாது. அந்தப் பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே அதன் மேல் ஒரு முத்திரை விழுந்துவிடும். குடும்பத்தில் பிரச்சினை, உடல்நலம் மாதிரி விஷயங்களையும் தாளில் எழுதாதீர்கள். தேவை என்றால் தலைமையாசிரியருக்குத் தெரிவித்துவிட்டு நேரில் சொல்லுங்கள்.

ஆனால் கணக்கில் பிள்ளை என்ன செய்கிறது என்பதை எழுதாமல் விட்டால், வருகிறவர் ஒரு மாதம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். "வாய்க்கணக்காகக் கேட்டால் சரியாகச் சொல்கிறான், எழுதும்போது தொகுதியும் பகுதியும் இடம் மாறுகின்றன" என்று எழுதலாம். அது அவன் என்ன செய்கிறான் என்பதைச் சொல்கிறது. நாளைக்கே அவன் மாறினால் அந்த வரியும் பழையதாகிவிடும், அவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. முப்பத்தைந்து பேருக்கும் எழுத வேண்டாம், ஆறேழு பேருக்கு எழுதினால் போதும்.

கேள்வி: இனி வரும் பாடங்களுக்கு மொத்தத் திட்டத்தையும் தேதி வாரியாக எழுதிவிட்டேன். பார்த்துவிட்டு என் தலைமையாசிரியர் அருமை என்றார். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

உழைப்பு தெரிகிறது. ஆனால் நீங்கள் போட்ட தேதிகள் இரண்டாவது வாரமே தள்ளிப்போகும். தள்ளிப்போகும்போது எதை விடலாம், எதை விடவே கூடாது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை எழுதுங்கள்.

என் திட்டத்தில் வேற்றினப் பின்னக் கூட்டல் கழித்தலுக்கு 6 பீரியட், கலப்பு பின்னத்துக்கு 3, அப்புறம் தசம எண்களுக்கு 8. நேரம் போதவில்லை என்றால் கலப்பு பின்னக் கழித்தலைத் தள்ளிவைத்துவிட்டு தசமத்துக்குப் போகலாம் என்று எழுதியிருந்தேன். தசமத்துக்குள் நுழைய அந்தக் கழித்தல் தேவைப்படாது. தேவைப்படுவது சமான பின்னம்தான். 3/10-ம் 30/100-ம் ஒன்று என்று பிடிபடாத பிள்ளைக்கு 0.3-ம் 0.30-ம் வேறு வேறு எண்கள். அதே பிள்ளை 0.45-ஐ 0.6-ஐ விடப் பெரியது என்று சொல்லும், 45 பெரியதாயிற்றே. அதனால் "சமான பின்னத்தில் தடுமாறுகிறவர்கள் இருக்கும்வரை தசமத்தைத் தொடங்காதீர்கள்" என்பதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்தேன்.

இதை ஏற்காத டீச்சர்களும் இருக்கிறார்கள். கலப்பு பின்னத்தை நடுவில் விட்டால் பிறகு யாரும் திரும்பி வர மாட்டார்கள் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. தள்ளிவைத்தால் எந்தப் பாடத்துக்குப் பின் திரும்ப எடுப்பது என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

கேள்வி: 28 வருடம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன் அம்மா. கடைசி வாரத்தில் கொடுக்கும் மூன்று கணக்கை நம்ப முடியாது. முந்தின நாள் நடத்தியதை எல்லாரும் சரியாகப் போடுவார்கள். இரண்டு வாரம் கழித்துப் போட்டால்தான் உண்மை தெரியும்.

நீங்கள் சொல்வது சரிதான் ஐயா, என் எண்களும் உள்ளதைவிட நன்றாகத்தான் காட்டியிருக்கும். இரண்டு வாரம் கழித்து நான் அங்கே இருக்க மாட்டேன் என்பதுதான் சிக்கல். அதே மூன்று கணக்கை எண்களை மாற்றி, 1/2 + 1/5 மாதிரி, வருகிறவரையே போடச் சொல்லி எழுதலாம். ஆனால் புதிதாக வந்த டீச்சர் இரண்டாவது வாரமே சோதனை வைத்தால் பிள்ளைகள் மிரளுவார்களா என்று எனக்கு ஒரு தயக்கம். நீங்கள் செய்து பார்த்திருந்தால் எப்படிப் போனது என்று சொல்லுங்கள்.

கேள்வி: நான் வாங்குகிற பக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு குறிப்பும் வைக்கவில்லை. பிள்ளைகளைக் கேட்டால் "டீச்சர் இதை நடத்தவே இல்லை" என்கிறார்கள். எதை நம்புவது?

நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். நன்றாக எழுதும் பிள்ளையுடையது ஒன்று, நடுத்தரம் ஒன்று, அடிக்கடி லீவு போடும் பிள்ளையுடையது ஒன்று, மூன்று போதும். கடைசியாகத் தேதி போட்ட பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டுங்கள். மூன்றிலும் ஒரே எடுத்துக்காட்டு இருந்தால் அது பலகையில் எழுதிப்போட்டது, நடத்தியிருக்கிறார். பயிற்சிக் கணக்கு மூன்றிலும் ஒரே வார்த்தை, ஒரே அடித்தல் திருத்தலோடு இருந்தால் பிள்ளைகள் தாங்களாகப் போடவில்லை, பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் வரை நடத்தியது உண்மை, புரிந்தது சந்தேகம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டு பயிற்சி முன்னாலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் பழைய டீச்சருக்கு ஒரு போன் போட்டு, "கடைசியாக எந்தக் கணக்கில் பிள்ளைகள் திணறினார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். போர்ஷன் எவ்வளவு முடிந்தது என்று கேட்டால் எல்லாம் முடிந்தது என்றுதான் சொல்வார்.