காய்கறி சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்கணும்?

கேள்வி: நாகர்கோவிலில் மெஸ் நடத்துறேன். ஒருத்தர் தக்காளி கிலோ 30 ரூபாய், 15 நாள் கடன் தர்றார். இன்னொருத்தர் தரம் பிரிச்சு 33 ரூபாய், 7 நாள்தான் கடன். யாரிடம் வாங்கலாம்?

பதில்: மார்த்தாண்டம் பக்கம் ஒரு கேன்டீனுக்குச் சரக்கு எடுக்கிறேன். இரண்டு பேரிடமும் தலா 100 கிலோ வாங்கி, சமையலுக்கு எவ்வளவு தேறுகிறது என்று எடை போட்டுப் பாருங்கள். கழிவை வாளியில் தள்ளும் முன் தராசில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் பார்த்தபோது, தரம் பிரிக்காத சரக்கில் 14 கிலோ போயிற்று. 3000 ரூபாய்க்கு 86 கிலோ, அதாவது கிலோ 34.88 ரூபாய். தரம் பிரித்ததில் 4 கிலோதான் போயிற்று. 3300 ரூபாய்க்கு 96 கிலோ, கிலோ 34.38. ஐம்பது பைசா குறைவு.

அதிகமாகக் கிடைக்கும் 8 நாள் கடனுக்கு என்ன மதிப்பு? நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்று வைத்தால், 3000 ரூபாய்க்கு 12 ரூபாய். கிலோவுக்கு 14 பைசாகூட வராது. கையில் பணமே இல்லாதபோது கடன் தேவைதான், ஆனால் அதை லாபமாக எண்ண வேண்டாம். தரம் பிரிக்காத சரக்கில் கழிவு சுமார் 13 கிலோவுக்குக் கீழே இருந்தால் கணக்கு மாறி, 30 ரூபாய்க்காரரே மேல் என்று வரும். அதனால்தான் உங்கள் சரக்கை நீங்களே நிறுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கடனில் இன்னொரு சிக்கல் உண்டு. முதல் வருஷம் நான் நீண்ட கடன் தந்தவரிடமே வாங்கினேன். ஒரு நாள் டிரேயின் மேல் அடுக்கு செக்கச்செவேலென்று இருந்தது. அடியில் கையை விட்டால் நசுங்கிய பழமும் தண்ணீரும். திருப்பி எடுக்கச் சொன்னேன். "பழைய பாக்கியை முடிங்க அண்ணாச்சி, அப்புறம் பேசலாம்" என்றார். பாக்கி நின்றதால் என்னால் வேறு கடைக்கும் போக முடியவில்லை.

அதற்குப் பிறகு வாய்வழி ஆர்டரே கிடையாது. முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுவேன்:

"தக்காளி 50 கிலோ, டிரே எடை கழித்து. பாதிக்கு மேல் சிவந்தது, கிலோவுக்கு 12 முதல் 16 பழம், வெடிப்பு கூடாது. காலை 6 மணிக்குள். அடி அடுக்கிலிருந்து 5 கிலோ எடுத்துப் பார்ப்போம். கால் கிலோவுக்கு மேல் கெட்டிருந்தால் அந்த டிரே திரும்பும், பில்லில் கழியும். விலை அன்றைய அப்டா சந்தை மொத்த விலைக்கு மேல் 3 ரூபாய். கடன் 7 நாள், சரக்கு இறங்கிய நாளிலிருந்து."

கடைசி வரியை விடாதீர்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று எழுதாததால்தான் பாதித் தகராறு வருகிறது. பழ எண்ணிக்கை உங்கள் சமையலைப் பொறுத்தது. ரசத்துக்கு மட்டும் என்றால் நன்கு பழுத்ததைக் கேளுங்கள், அன்றே தீர்த்துவிடலாம். இதை எழுத்தில் ஒத்துக்கொள்ளத் தயங்கும் ஆளிடம், 15 நாள் தந்தாலும் நான் வாங்க மாட்டேன்.