பெயர் மட்டும் வந்தால் என்ன பதில் சொல்வது?

"பாம்பனில் பேனர் கடை வைத்திருக்கிறேன், பள்ளிகளில் விநாடி வினாவும் நடத்துகிறேன். தெரியாத எண்ணிலிருந்து 'ஜெமினி கணேசன்' என்று மட்டும் வந்திருக்கிறது. கிசுகிசுவா, வினாவா, வேலையா?"

நண்பரே, முதலில் தேதியைப் பாருங்கள். அவர் பிறந்தது நவம்பர் 17, மறைந்தது 2005 மார்ச் 22. இவற்றையொட்டி வந்திருந்தால் பேனராக இருக்கலாம். டிசம்பர் என்றால் என் ஊகம் வினா: 1964 புயலின்போது அவரும் சாவித்திரியும் ராமேஸ்வரத்தில் இருந்தார்கள் என்பது நம் கரையில் பலரும் கேட்கும் கேள்வி. எதுவானாலும் மூன்றையும் அடுக்கி விசாரிக்காதீர்கள்; அது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். "புயலின்போது ராமேஸ்வரத்தில் இருந்த நடிகர்தானே? அவரைப் பற்றி என்ன வேண்டும்?" என்று மட்டும் அனுப்புங்கள். வினாக்காரர் அடுத்த கேள்வியைத் தொடுப்பார். வேலைக்காரர் அளவும் படமும் அனுப்புவார். அவருடைய திருமணங்களைப் பற்றித் துருவினால் கிசுகிசுதான். அதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.