அம்பாசமுத்திரத்து அண்ணாச்சிக்கு: மகனின் வேலை தேடும் தாளைப் பற்றி

அண்ணாச்சி, "மூணு மாசத்துல இருநூறு இடத்துக்கு மேல போட்டுட்டான், ஒருத்தரும் கூப்பிடலை, பி.காம். படிக்க வச்சதே தப்போ" என்று கேட்டிருந்தீர்கள். தம்பி பாளையங்கோட்டையில் என்னை வந்து பார்த்தபோது நான் முதலில் கேட்டது, எந்தெந்த இடத்துக்குப் போட்டாய் என்றுதான். அவனால் இருபது பெயர்கூடச் சொல்ல முடியவில்லை. இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டு, விளம்பரத்தைப் படிக்காமலே போனில் தட்டிவிட்டது அதில் பாதிக்கு மேல். அதனால்தான் தாள் போடச் சொன்னேன்.

தாள் பெரிய விஷயமில்லை. கூகுள் ஷீட்டோ, நீளமான கணக்கு நோட்டோ போதும். தேதி, நிறுவனம், வேலை, எந்த வழியில் தெரிந்தது, அடுத்து எப்போது விசாரிக்க வேண்டும், இப்போது எந்த நிலை என்று ஆறு கட்டம். விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து அழைப்பு வரும்போது இணையத்தில் விளம்பரம் இருக்காது, என்ன கேட்டிருந்தார்கள் என்பது அவனுக்கும் மறந்திருக்கும்.

வாரத்துக்கு எட்டு விண்ணப்பம் என்று வைத்தோம். குறைவாகத் தெரியும். ஆனால் விளம்பரத்தைப் படித்து, அதற்கேற்ப ரெஸ்யூமேயின் மேல் பகுதியை மாற்றி, முடிந்தால் அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் பேசி அனுப்ப ஒன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை உட்கார்ந்தால், எட்டு விண்ணப்பம், நான்கு பேரிடம் பேச்சு, ஒரு வாரம் தாண்டியவற்றை விசாரிப்பது என்று எல்லாமே முடிந்துவிடும். "இந்த வாரம் ஒரு இன்டர்வியூ" என்று இலக்கு வைக்கக் கூடாது. கூப்பிடுவது அவர்கள் கையில் இருக்கிறது. அவன் கையில் இருப்பதைத்தான் அவன் எண்ண வேண்டும்.

நான்கு வாரத்தில் 32 விண்ணப்பம் சேர்ந்தது. அதில் 18 வேலைவாய்ப்புத் தளங்கள் வழியாகப் போனவை, அவற்றில் ஒரு அழைப்பும் இல்லை. கங்கைகொண்டான் சிப்காட் பக்கமும் வண்ணாரப்பேட்டை ஆடிட்டர் அலுவலகங்களிலும் நேரில் போய்க் கொடுத்தது 6, அதில் ஒன்று வந்தது. கல்லூரி சீனியர்கள் சொல்லி அனுப்பிய 8 விண்ணப்பத்தில் மூன்று அழைப்பு. எண்ணிக்கை சின்னதுதான், இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அடுத்த மாதம் நேரத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்ய இவ்வளவு போதும். தளங்களை வாரத்தில் ஒரு காலைப்பொழுதோடு நிறுத்திக்கொண்டான்.

அந்த நான்கு அழைப்பில் மூன்று முதல் சுற்றோடு நின்றுவிட்டன. இதைத்தான் கவனிக்க வேண்டும், அண்ணாச்சி. முப்பது போட்டும் யாருமே கூப்பிடவில்லையென்றால் குறை ரெஸ்யூமேயிலோ, தேர்ந்தெடுக்கும் வேலையிலோ இருக்கும். கூப்பிட்டு முதல் சுற்றிலேயே நின்றால், அங்கே கேட்பது இவனுக்கு வரவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு இடத்திலும் என்ன கேட்டார்கள் என்று எழுதச் சொன்னேன். இரண்டு இடத்தில் ஒரே கேள்வி: கொள்முதல் பதிவை, சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்கள் ஜிஎஸ்டி தளத்தில் வரும் ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்லைக் கண்டுபிடி. தம்பிக்கு டாலியில் பில் பதியத் தெரியும், இது தெரியாது. ஆகவே வாரத்துக்கு எட்டு என்பதை ஐந்தாகக் குறைத்தோம். மிச்சமான நேரத்தில், தெரிந்த ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து இதைப் பழகுகிறான். ரெஸ்யூமேயை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது.

அப்புறம், சோர்வு. தாளில் இரண்டு மூன்று நாள் பதியாமல் விடுவது, விளம்பரத்தைப் படிக்காமல் போடுவது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் இருப்பது, இந்த மூன்றும் வந்தால் அவன் களைத்துவிட்டான். கடைசி ஒன்றினால் ஒரு அழைப்பே கைநழுவிப் போயிருக்கலாம். அப்போது முழுசாக நிறுத்திவிட்டால் திரும்ப ஆரம்பிப்பது கஷ்டம். அந்த வாரம் இரண்டு விண்ணப்பம், ஒரு போன் என்று சுருக்கிக்கொண்டு நடத்தச் சொல்லுங்கள். மத்தியானத்துக்கு மேல் வேலைப் பேச்சே வேண்டாம். ஆனித் தேரோட்டத்துக்கு நண்பர்களோடு போக வேண்டும் என்றால் போகட்டும், அன்றைக்கு விடுமுறை என்று தாளிலேயே எழுதிக்கொள்ளலாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தினமும் சாயங்காலம் "என்னல, எதுவும் வந்துதா?" என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அரைமணி நேரம் அவனோடு உட்கார்ந்து தாளைப் பாருங்கள். இந்த வாரம் பார்க்க வேண்டியது தூத்துக்குடி ஷிப்பிங் ஏஜென்சி இருக்கும் வரிசை. அதில் மட்டும் "இரண்டாம் சுற்று" என்று இருக்கிறது. சம்பளம் எவ்வளவு கேட்பது, தினமும் போய் வருவதா அங்கேயே தங்குவதா என்பதை வீட்டிலேயே பேசி, புதன்கிழமைக்குள் எனக்கும் சொல்லுங்கள்.