ஜீன்ஸுக்குக் குர்த்தா எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

"மாலையில் தெப்பக்குளம் பக்கம் போகும்போது ஜீன்ஸ், சினோஸ் மேல் குர்த்தா போட்டால் ஏன் எனக்குப் பொருந்துவதில்லை?"

ஜீன்ஸுக்குப் பொருந்துவது குட்டைக் குர்த்தா, அதாவது தொடையின் நடுப்பகுதியோடு நின்றுவிடும் குர்த்தா. கைகளைத் தொங்கவிட்டு நின்றால் அதன் ஓரம் விரல்நுனிக்குக் கீழே இறங்கக் கூடாது. முழங்கால்வரை நீளும் குர்த்தா, தொளதொளப்பான பைஜாமாவோடு சேர்ந்து அசையும்படி தைக்கப்படுவது. ஜீன்ஸின் தடித்த துணியோ அப்படி அசையாது என்பதால், சிறிய தலையணைக்குப் பெரிய உறை போட்டதுபோல் மேல்துணி மடிந்து தேங்கி, கால்களையும் குட்டையாகக் காட்டுகிறது. சினோஸ் மெல்லியது என்பதால் இன்னும் இரண்டு அங்குலம் பொறுக்கும். மதுரைப் புழுக்கத்துக்குப் பருத்தியே என் தேர்வு.

நீளக் குர்த்தாவின் அடியை வெட்டினாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நான்கு அங்குலம் வெட்டினால் பக்கவாட்டுத் திறப்பும் நான்கு அங்குலம் குறைந்துவிடும் என்பதால், தையற்காரரிடம் அந்தத் திறப்பையும் மேலே ஏற்றித் தைக்கச் சொல்ல வேண்டும்.