உப்புப் படிகமும் எக்ஸ் கதிரும்: ஆய்வகக் கேள்விகள்

கேள்வி: மாலிப்டினம் இலக்குக் குழாயில் மின்னழுத்தத்தை 25 கிலோவோல்ட்டிலிருந்து 35-க்கு ஏற்றினால் நிறமாலையின் தொடக்கம் நகர்கிறது, இரண்டு முகடுகளும் உயர்கின்றன, ஆனால் இடம் மாறவில்லை. ஏன்?

நிறமாலையின் தொடக்கமும் முகடுகளும் வெவ்வேறு வழியில் பிறப்பவை. இலக்கில் மோதும் எலக்ட்ரான் தன் ஆற்றல் முழுவதையும் ஒரே ஃபோட்டானாகக் கொடுத்துவிட்டால் கிடைப்பதுதான் அந்தத் தொடக்கமான வெட்டு அலைநீளம். அதை ஆங்ஸ்ட்ராமில் பெற 12.4-ஐக் கிலோவோல்ட்டால் வகுத்தால் போதும்: 25-க்கு 0.496, 35-க்கு 0.354. இலக்கு எந்த உலோகம் என்பது இங்கே கணக்கில் வராது.

முகடுகள் மாலிப்டினம் அணுவின் சொந்த ஆற்றல் மட்டங்களிலிருந்து வருபவை. கே ஆல்ஃபா 0.711, கே பீட்டா 0.632 ஆங்ஸ்ட்ராம். மின்னழுத்தம் அவற்றின் செறிவைத்தான் மாற்றும்.

கேள்வி: 19 கிலோவோல்ட்டில் வெட்டு அலைநீளம் 0.653. கே ஆல்ஃபா அதைவிட நீளமானது. பிறகு ஏன் அது தோன்றவில்லை?

நல்ல கேள்வி; பலர் இங்கேதான் தடுமாறுவார்கள். கே ஆல்ஃபா ஃபோட்டானின் ஆற்றல் ஏறத்தாழ 17.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட்தான். ஆனால் அது பிறக்க, முதலில் கே கூட்டில் ஒரு காலியிடம் வேண்டும். அங்குள்ள எலக்ட்ரானை அணுவைவிட்டே வெளியேற்ற 20 தேவை. அந்த வாசலைத் தாண்டாதவரை ஆல்ஃபாவும் இல்லை, பீட்டாவும் இல்லை.

கேள்வி: சோடியம் குளோரைடு படிகத்தில் கே ஆல்ஃபா முகடுகள் 7.5°, 14.9°, 22.5° கோணங்களில் கிடைத்தன. மூன்றும் மூன்று இடைவெளி தருகின்றனவே?

nλ = 2d sin θ-வில் போட்டால் முறையே 2.72, 2.77, 2.79 ஆங்ஸ்ட்ராம் வருகிறது. வரிசை எண் கூடக் கூட விடையும் ஒரே திசையில் ஏறுகிறது. தற்செயல் பிழை என்றால் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். கோனியோமீட்டரின் சுழிப் பிழைக்கு இதுதான் அடையாளம். சிறிய கோணத்தில் 0.3° பெரிய பங்கு, பெரிய கோணத்தில் சிறிய பங்கு. ஒவ்வொன்றிலும் 0.3° கழித்துப் பாருங்கள்: 2.84, 2.82, 2.82. படிகத்தைத் தாங்கியில் சாய்வாக வைத்தாலும் முகடு இடம்பெயரும், எனவே முதலில் அதைச் சரிபார்த்துவிட்டுச் சுழியை அமையுங்கள். சராசரி எடுத்துப் பிழையை மூடிவிட வேண்டாம்.

கேள்வி: புத்தகத்தில் 5.64 என்று இருக்கிறது. எனக்குப் பாதிதான் கிடைக்கிறது!

5.64 என்பது அலகுக் கூட்டின் விளிம்பு. அதன் நட்டநடுவில், அதே அளவு சோடியமும் குளோரினும் கொண்ட இன்னொரு தளம் உண்டு. 5.64 இடைவெளிக்கு உரிய முதல் வரிசை எதிரொளிப்பை அந்த நடுத்தளத்தின் அலை எதிர்க்கட்டத்தில் வந்து அழித்துவிடும். அதனால் உங்களுக்குத் தெரிவது 2.82. அடர்த்தியை வைத்தும் சோதிக்கலாம்: ஒரு கூட்டில் 4 சோடியம் குளோரைடு அலகுகள், மோலார் நிறை 58.44 கிராம், அடர்த்தி கன செ.மீ.க்கு 2.165 கிராம் என்று எடுத்தால் விளிம்பு 5.64 ஆங்ஸ்ட்ராமே வரும்.